ஒரே கோட்டில் அப்பத்தா

போன மாசம் ஒரு சொந்தக்காரங்க வீட்டுப் புதுமனை புகுவிழா. ஹால்ல சோபாவுக்கு மேல ஒரு படம் மாட்டியிருந்தாங்க. வெள்ளைப் பலகையில கறுப்புக் கோட்டுல ஒரு பொண்ணோட முகம். கீழே பொடி எழுத்துல 'ஒற்றைக்கோட்டு ஓவியம்'னு போட்டிருந்தது.

பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. கிட்டப் போய் நின்னு விரலை வச்சுத் தொடர்ந்து பார்த்தேன். நெத்தியில ஆரம்பிச்ச கோடு மூக்கு நுனியில முடிஞ்சுபோச்சு. உதடு தனியா நிக்குது. கண்ணு ரெண்டும் தனித்தனி. முடி வேற கோடு. மொத்தம் பதினோரு துண்டு!

எனக்குச் சுள்ளுன்னு கோபம் வந்துச்சு. (பசி நேரம் வேற.) பதினோரு கோட்டுல வரையறது தப்பே இல்லை, தாராளமா வரையலாம். ஆனா ஒரே கோடுன்னு சொன்னா அது ஒரே கோடா இருக்கணும். ஒரே இழைக் கோலம்னு சொல்லிட்டு நடுவுல நாலு இடத்துல கையை எடுத்தா எங்க தெருவுல விடுவாங்களா?

அந்த வேகத்துல வீட்டுக்கு வந்து எங்க அப்பத்தா போட்டோவை எடுத்தேன். ஒரே கோட்டுல, கையை எடுக்காம, அப்பத்தாவைக் கொண்டுவந்துடணும்னு உட்கார்ந்தேன். அன்னிக்கு ராத்திரியே முடிஞ்சுடும்னு நினைச்சேன். பத்தொன்பது நாள் ஆச்சு.

அந்தப் பத்தொன்பது நாள்ல கண்டுபிடிச்சதைத்தான் இங்க எழுதப்போறேன்.

முதல்ல போட்டோ

அப்பத்தா வத்தலக்குண்டுப் பக்கம் பொறந்தவ. பழனிக்கு வாக்கப்பட்டு வந்தவ. காது வளர்த்து, தோளைத் தொடுற மாதிரி தண்டட்டி போட்டிருப்பா. பின்னாடி சரிஞ்சு விழுற கொண்டை. மூக்குல ஒரு ஒத்தைக்கல் மூக்குத்தி. கடைசிக் காலத்துல பல்லெல்லாம் போயி, வாய் உள்ள மடங்கி ஒரே வரியா இருக்கும்.

வீட்டுல அவ போட்டோ மொத்தம் மூணு. ஒண்ணு ஸ்டூடியோவுல நேர்முகமா எடுத்தது. மூஞ்சியில ப்ளாஷ் அடிச்சு நிழலே இல்லாம தட்டையா இருக்கு. இன்னொண்ணு கூட்டத்துல நிக்கிறது, முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். மூணாவது திண்ணையில உட்கார்ந்து எங்கேயோ பார்க்கிறது. முகம் லேசா இடப்பக்கம் திரும்பியிருக்கு. வாசல் வெளிச்சம் ஒரு பக்கமா விழுது.

மூணாவதைத்தான் எடுக்கணும்னு இப்பத் தெரியும். ஆனா முதல் நாலு நாள் ஸ்டூடியோ போட்டோவோடதான் மல்லுக்கட்டினேன்.

நேர்முகத்துல என்ன சிக்கல்னா, எல்லாமே ரெண்டு ரெண்டு. ரெண்டு கண்ணு, ரெண்டு புருவம், ரெண்டு காது, ரெண்டு கன்னம். கோடு இடப்பக்கம் போயிட்டு அதே மாதிரி வலப்பக்கமும் போகணும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒண்ணரைக் கண்ணு மாதிரி ஆயிடுது. முக்கால் முகத்துல அந்தத் தொல்லை கிடையாது. தூரத்துப் பக்கம் இருக்கிறதை விட்டுட்டா யாரும் தேட மாட்டாங்க. அதோட, வெளிச்சம் ஒரு பக்கமா விழுந்தா எது வரம்பு, எது மடிப்புன்னு போட்டோவே காட்டிக்கொடுத்துடும்.

அந்தப் போட்டோவை ஏ4 தாள்ல, முகம் மட்டும் சுமார் 15 சென்டிமீட்டர் உயரம் வர்ற மாதிரி பிரிண்ட் எடுத்தேன். மேல ட்ரேசிங் பேப்பரை வச்சு ஒட்டினேன்.

எல்லாத்தையும் வரைஞ்சு பார்த்தா

மொதல்ல வழக்கமா வரையற மாதிரி, தேவைன்னு பட்ட கோட்டையெல்லாம் தனித்தனியா வரைஞ்சேன். அப்புறம் இதையெல்லாம் எப்படி ஒரே இழையா கோக்குறதுன்னு பார்த்தேன். முடியலை. எந்த வழியில போனாலும் ஒரு முட்டுச்சந்துல போய் நிக்குது.

மூணு நாள் இப்படியே போச்சு. அதுக்கு அடுத்த நாள் காலையில அம்மா வாசல்ல சிக்குக் கோலம் போட்டுக்கிட்டிருந்தாங்க. நான் காபியோட படியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்.

"நாலுக்கு அஞ்சு புள்ளியா?"ன்னு கேட்டேன்.

"ஆமா. நாலுக்கு நாலு வச்சா ஒரே இழையில வராது. நாலு இழையா பிரிஞ்சு போயிரும்"னாங்க.

அம்மா எந்தக் கணக்கும் படிச்சவங்க இல்லை. ஆனா சொன்னது சுத்தமான கணக்கு. செவ்வகமா புள்ளி வச்சு, ஒவ்வொரு ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இழை வெட்டிக்கிட்டுப் போற சாதாரண சிக்குக் கோலத்துல, ரெண்டு பக்கத்து எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக்காரணி எவ்வளவோ அத்தனை இழை வரும். நாலுக்கும் அஞ்சுக்கும் அது ஒண்ணு. நாலுக்கும் நாலுக்கும் நாலு. (எட்டாவதுல மீ.பெ.கா. நடத்தும்போது யாராவது இதைச் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!)

ஆனா அன்னிக்கு எனக்குப் பிடிபட்டது வேற விஷயம். அம்மா கை ஒரு வெட்டுக்கு வரும்போது ஒரு தடவைகூட அந்த இடத்துல திரும்பலை. வந்த கோடு நேரா குறுக்கே தாண்டிப் போகுது. தாண்டின பிறகுதான் வளையுது. கோலத்துல எந்த இடத்துலயும் மூணு கோடு சேருறதே இல்லை. சேர்ந்தா நாலு. உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணு, அப்படி ரெண்டு தடவை.

உடனே உள்ள போய் என் ட்ரேசிங்கைப் பார்த்தேன். முகம் முழுக்க மூணு கோடு சேருற இடம்தான்! புருவத்தோட மூக்குத்தண்டு வந்து முட்டுற இடம். தாடை போய் காதுல முட்டுற இடம். மேல் இமையும் கீழ் இமையும் சேர்ந்து கடைக்கண்ணுல ஒரு சுருக்கம் கிளம்புற இடம். அதுபோக அந்தரத்துல தொங்குற நுனிங்க வேற. எல்லாத்தையும் எண்ணினேன். பதினாலு.

இதுக்கு ஆய்லர்னு ஒருத்தர் 1736-லயே விடை சொல்லிட்டார். கோனிக்ஸ்பெர்க் ஊர்ல ஆத்து மேல ஏழு பாலம். ஒரு பாலத்துல ஒரு தடவைதான் போகலாம்னு வச்சுக்கிட்டு ஏழையும் சுத்தி வர முடியுமான்னு கேள்வி. முடியாதுன்னு நிரூபிச்சார். ஒத்தைப்படை எண்ணிக்கையில கோடு சேருற இடம் ஒண்ணும் இல்லாம இருக்கணும். இல்லேன்னா ரெண்டே ரெண்டு இருக்கலாம், ஆரம்பிக்க ஒண்ணு, முடிக்க ஒண்ணு. அதுக்கு மேல போனா ஒரே இழையில முடியாது. பதினாலு இருந்தா, எல்லாக் கோடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே இருந்தாலும்கூட, குறைஞ்சது ஏழு தனிக்கோடு வேணும்.

நான் மூணு நாளா முடியாத ஒண்ணை முடிக்கப் பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்.

இதுக்குப் பிறகு வேலையோட முகமே மாறிப்போச்சு. அதுவரைக்கும் 'எதெல்லாம் அழகா இருக்கு, எதை வச்சுக்கலாம்'னு யோசிச்சேன். இப்போ ஒவ்வொரு முச்சந்தியிலயும் நின்னு 'இந்த மூணுல எதை வெட்டிவிடலாம்'னு கேட்க ஆரம்பிச்சேன். ஒண்ணை எடுத்துட்டா மீதி ரெண்டும் ஒரே பாதையா ஆயிடும். எதை விடணும்ங்கிறதை வழிதான் முடிவு பண்ணுது. கீழ் இமை போச்சு. கடைக்கண் சுருக்கம் போச்சு. தூரத்துக் கண்ணே போச்சு!

(தூரத்துக் கண்ணை எடுக்கும்போது மனசு அடிச்சுக்கிச்சு. ஒத்தைக் கண்ணு அப்பத்தாவான்னு. எடுத்துட்டு நாலடி தள்ளி நின்னு பார்த்தா அங்கே கண்ணு இருக்கிற மாதிரியேதான் இருந்தது. புருவம் இருந்தா போதும், கண்ணைப் பார்க்கிறவங்களே போட்டுக்குவாங்க.)

கோடு எந்த வழியாப் போகலாம்

அடுத்த சிக்கல். ஒரு உறுப்புல இருந்து இன்னொரு உறுப்புக்குக் கோடு எப்படிப் போய்ச் சேரும்?

கண்ணு முடிஞ்சு வாய்க்குப் போகணும். நடுவுல கன்னம். கன்னத்துல ஒண்ணுமே இல்லை, வெறும் வெளி. முதல்ல தைரியமா கடைக்கண்ணுல இருந்து வாயோரத்துக்கு நேரா ஒரு கோடு இழுத்தேன். அப்பத்தா கன்னத்துல அரிவாள் வெட்டு விழுந்த மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் வளைச்சுப் பார்த்தேன். கண்ணீர் வழியற மாதிரி இருந்தது. அதுவும் வேண்டாம்.

அப்புறம்தான் ஒரு ஒழுங்கு வச்சுக்கிட்டேன். முகத்துல நிஜமாவே ஒரு மடிப்போ வரம்போ இருக்கிற இடத்துலதான் கோடு நடக்கலாம். முகத்துல அப்படி நடக்கத் தோதான வழிங்க கொஞ்சம்தான் இருக்கு. புருவத்துல இருந்து மூக்குத்தண்டு வழியா நுனிக்கு ஒரு வழி. மூக்கு மடல்ல இருந்து வாயோரத்துக்கு இறங்குற சிரிப்பு மடிப்பு ஒரு வழி. மூக்குக்கு நேர் கீழே, மேல் உதட்டுக்குப் போற பள்ளம் ஒரு வழி. தாடை ஓரமா காதுக்கு ஏறுறது ஒண்ணு. நெத்திக்கும் முடிக்கும் நடுவுல இருக்கிற முடியோரம் ஒண்ணு.

இதுல எது கிடைக்கும்ங்கிறது ஆளைப் பொறுத்தது. அப்பத்தாவுக்குச் சிரிப்பு மடிப்பு ஆழமா இருந்தது, அதனால மூக்குல இருந்து வாய்க்கு அதுவே வழியாச்சு. இதே வழியை என் தங்கச்சி பொண்ணு முகத்துல போட்டுப் பார்த்தேன். ஏழு வயசுக் குழந்தை முப்பத்தஞ்சு வயசு பொம்பளை மாதிரி ஆயிடுச்சு! குழந்தைக்கு அந்த மடிப்பே கிடையாதே. அவளுக்கு உதட்டுப் பள்ளம் வழியா இறங்கினதும்தான் குழந்தை முகம் திரும்பி வந்துச்சு.

எங்க ஊருக்குன்னே ஒரு சிக்கலும் இருக்கு. மொட்டை. அடிவாரத்துல தினமும் எத்தனை மொட்டை! பக்கத்து வீட்டுப் பையனுக்கு முடியிறக்கின போட்டோ இருந்தது, ஆசையா எடுத்தேன். முடியோரம் இல்லாததால மண்டையோட வெளிவளைவுல இருந்து புருவத்துக்குள்ள வர வழியே இல்லை. வெளியே இருந்து உள்ள நுழைய மிஞ்சுறது ரெண்டே இடம்தான். நெத்தி முடிஞ்சு கண்குழி உள்வாங்குற இடம் ஒண்ணு, தாடை ஒண்ணு. நேர்முகமா எடுத்த போட்டோவுல முதல் வழியும் அடைபட்டுப்போகும். அதனால மொட்டைத் தலையை நேர்முகமா வரையற ஆசையை விட்டுட்டேன்.

அப்பத்தாவோட வழி

கடைசியா கிடைச்ச பாதையை அப்படியே சொல்றேன். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கிட்டா கூடவே வரலாம். அப்பத்தா முகம் நமக்கு இடப்பக்கம் பார்க்குது. கிட்டத்துக் காது நமக்கு வலப்பக்கம்.

வலது கீழ் மூலையில, முதுகுப்பக்கச் சேலையில ஆரம்பம். அங்கிருந்து பிடரி வழியா மேலே ஏறி, கொண்டையை ஒரு முழுச் சுத்து சுத்தி, வந்த கோட்டைக் குறுக்கே வெட்டித் தாண்டுறோம். இது முதல் வெட்டு. உச்சந்தலை வழியா முன்னாடி வந்து, நெத்தியோட தூரத்து ஓரமா இறங்குறோம். கண்குழிக்கு வந்ததும் உள்ளே திரும்பி தூரத்துப் புருவம். புருவ நடுவுல ஒரு சின்னப் பள்ளம். அதுல இறங்கி ஏறினா கிட்டத்துப் புருவம்.

புருவம் முடியற கடைசியில நிக்காம அப்படியே கீழே சுருட்டி, மேல் இமையா திரும்பி மூக்கை நோக்கி வர்றோம். கண்ணுன்னு வரையறது இந்த ஒரு வளைவு மட்டும்தான். கண்மணி வேணுமேன்னு நான் ரெண்டு நாள் கிடந்து தவிச்சேன். கண்மணி ஒரு முட்டுச்சந்து. உள்ளே போனா வந்த வழியிலேயேதான் திரும்பணும், கோடு தடிச்சுப்போயிடும். இமையில இருந்து ஒரு சின்னச் சுழி தொங்கவிடலாம். அப்பத்தா போட்டோவுல கண்ணை இடுக்கிப் பார்த்துக்கிட்டிருக்கா, அதனால சுழிகூடத் தேவைப்படலை.

உள்கண் ஓரத்துல இருந்து மூக்குத்தண்டு. நுனி. நுனியைச் சுத்தி மடலுக்கு வந்ததும் மிளகு அளவுக்கு ஒரு சுழி. அதுதான் மூக்குத்தி, ரெண்டாவது வெட்டு. அங்கிருந்து சிரிப்பு மடிப்பு வழியா வாயோரம். வாய் ஒரே வரி, வலமிருந்து இடமா. (பொக்கை வாய்க்கு ரெண்டு உதடு வரைஞ்சா பொய்யாயிடும்.) தூரத்து வாயோரத்துல இருந்து கீழே இறங்கி முகவாய். அப்புறம் தாடை ஓரமா வலப்பக்கம் ஏறி காது.

காதுமடலைச் சுத்தி மேலே போய், பின்பக்கமா இறங்கி, அப்படியே நிக்காம கீழே... கீழே... தோள் வரைக்கும். அந்த நீண்ட காதுத்தொங்கலோட அடியில தண்டட்டிக்கு ஒரு பெரிய சுழி. மூணாவது வெட்டு. சுழியில இருந்து வெளிய வந்து கழுத்தோரமா இறங்கி, மாராப்பு ஓரத்துல இடப்பக்கமா நழுவி, முடிஞ்சுது.

மூணே மூணு வெட்டு. மூணுமே அம்மா கோலத்துல பார்த்த மாதிரி நேரா குறுக்கே தாண்டுற வெட்டு. ஒரு தடவை தண்டட்டிச் சுழியில வெட்டுன இடத்துலேயே கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ரெண்டு வளைவும் முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு, எது எந்தப் பக்கம் போகுதுன்னே கண்ணுக்குப் புரியலை. நம்ம கண்ணு எப்பவும் கோடு நேரா போகும்னுதான் எதிர்பார்க்குது. அதை ஏமாத்தினா தடுமாறுது.

தூரத்துக் கன்னம் இந்தப் படத்துல இல்லவே இல்லை. கண்குழியில உள்ளே போன கோடு முகவாய்லதான் மறுபடி வெளிய வருது. நடுவுல வெறும் தாள். அதைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்கலை.

சாயல்

வழி சரியா இருந்தும் முதல் இருபது படத்துல அப்பத்தா வரலை. ஏதோ ஒரு கிழவி வந்தா.

காரணம், நான் கோட்டோட ஓட்டத்துல மயங்கி, இடத்தை விட்டுட்டேன். அதனால ட்ரேசிங் பேப்பர்ல அஞ்சே அஞ்சு புள்ளி மட்டும் வச்சேன், கோலத்துக்கு வைக்கிற மாதிரி. கிட்டத்துப் புருவத்தோட உள்முனை, உள்கண் ஓரம், மூக்கு மடல், வாயோரம், காதுத்தொங்கல் அடி. கோடு எப்படி வேணும்னாலும் வளையட்டும், இந்த அஞ்சையும் தொட்டுக்கிட்டுப் போகணும். சாயல் உடனே வந்துடுச்சு. 15 சென்டிமீட்டர் முகத்துல வாயோரப் புள்ளியை ரெண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கினேன், அப்பத்தா போய் எங்க அத்தை வந்துட்டாங்க! நெத்தியையும் கொண்டையையும் அரை சென்டிமீட்டர் மாத்தினாலும் ஒண்ணும் ஆகலை.

இன்னொண்ணு வேகம். மெதுவா வரைஞ்சா கோடு நடுங்குது. போட்டோவைப் பார்த்து, தாளைப் பார்த்து, நின்னு நின்னு போனா நின்ன இடமெல்லாம் ஒரு முடிச்சு மாதிரி தெரியும். மணிக்கட்டை ஊன்றி வரைஞ்சாலும் அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை கையை நகர்த்த வேண்டியிருக்கு. அங்கே ஒரு உடைசல். அதனால பேனா இல்லாம வெறும் விரலால பாதையைப் பதினஞ்சு தடவை ஓட்டிப் பழகிட்டு, அப்புறம் பேனாவை எடுத்து, முழங்கையைத் தூக்கி, தோள்ல இருந்து ஒரே வீச்சுல வரைஞ்சேன். ஒரு படத்துக்கு முக்கால் நிமிஷம்கூட ஆகலை. ஒரு ராத்திரியில முப்பது நாப்பது தாள். அதுல ரெண்டு தேறும்.

(ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியைக் கோட்டோவியமா வரிசையா வரைஞ்சார். அந்தக் கோடுகள்ல இருக்கிற வேகத்தை இப்போ பார்க்கும்போது வேற மாதிரி புரியுது. அவர் வரைஞ்சது ஒத்தைக் கோடு இல்லை, கோட்டு மேல கோடு. ஆனா எந்தக் கோடும் தயங்கலை.)

கோட்டோட தடிமனை மாத்தலாமான்னு ஒரு ஆசை வந்துச்சு. க்ளோட் மெல்லான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1649-ல ஏசு முகத்தைச் செப்புத் தகட்டுல செதுக்கினார். மூக்கு நுனியில ஆரம்பிச்சு சுருள் சுருளா வெளியே போற ஒரே கோடு. கோட்டை அங்கங்கே தடிமனாக்கி நிழல், ரத்தத்துளி வரைக்கும் கொண்டுவந்துட்டார். பிரமிப்பா இருக்கும். ஆனா அது தாள் முழுக்க நிரப்புற வித்தை. எனக்கு வேண்டியது காலி இடம். அதனால எங்கேயும் ஒரே தடிமன்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

பலகையில ஏத்தப் போய்

தாள்ல நல்லா வந்ததும், இதை மரப்பலகையில லேசர்ல செதுக்கிடலாம்னு ஒரு கடையில கொடுத்தேன். படத்தை ஸ்கேன் பண்ணி, இங்க்ஸ்கேப்ல `Trace Bitmap` போட்டு ஃபைலாக்கிக் கொண்டுபோனேன். ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பார்த்தா, ஒவ்வொரு கோடும் ரெண்டு கோடா செதுக்கியிருக்கு! தண்டவாளம் மாதிரி. அப்பத்தா முகம் முழுக்க ரயில் பாதை.

என்ன ஆச்சுன்னா, அந்த ட்ரேஸ் வசதி கோட்டைக் கோடா பார்க்காது. கறுப்பா ஒரு ஒல்லியான நிலம் இருக்குன்னு நினைச்சு, அதோட ரெண்டு கரையையும் தனித்தனியா எடுத்துடும். திரையில உள்ளே கறுப்பு நிரம்பியிருக்கிறதால வித்தியாசமே தெரியாது. லேசர் கரையோரமா ஓடும்போதுதான் தெரியும். இங்க்ஸ்கேப் 1.0-ல இருந்து அதே இடத்துல `Centerline tracing` னு ஒண்ணு இருக்கு. அது நடுக்கோட்டை எடுக்கும். போட்டுப் பார்த்தேன். வெட்டுற இடங்கள்ல தடுமாறி, துண்டு துண்டா கொடுத்தது.

கடைசியா பென் கருவியை எடுத்து, ஸ்கேனைக் கீழே வச்சு, மேலே நானே ஒரே பாதையா வரைஞ்சேன். இதுல ஒரு சூட்சுமம். கணு எவ்வளவு குறையுதோ கோடு அவ்வளவு வழவழப்பா ஓடும். வளைவு திரும்புற உச்சியில, அடியில, இடக்கடைசி, வலக்கடைசியில மட்டும் கணு வச்சாப் போதும். ட்ரேஸ் கொடுத்ததுல ஆயிரத்துக்கு மேல கணு இருந்தது. என்னுது நாப்பத்தொண்ணு.

நிஜமாவே ஒரே கோடுதானான்னு கண்ணால பார்க்கிறதைவிட ஃபைலுக்குள்ள பார்க்கிறது நிச்சயம். எஸ்விஜி ஃபைலை நோட்பேட்ல திறந்தா கோடு இந்த மாதிரி இருக்கும் (இது சும்மா ஒரு சின்னத் துண்டு):

```
<path d="M 172,260 C 160,220 165,190 178,170
         S 205,120 180,100"
      fill="none" stroke="#000" stroke-width="1.2"
      stroke-linecap="round" stroke-linejoin="round"/>
```

`M` னா பேனாவைத் தூக்கி இங்கே வைன்னு அர்த்தம். `C`, `S` ரெண்டும் வளைச்சுக்கிட்டே போன்னு அர்த்தம். ஃபைல்ல ஒரே ஒரு `path` இருக்கணும், அதோட `d` க்குள்ள `M` ஒரே ஒரு தடவைதான் வரணும். இங்க்ஸ்கேப் பெரும்பாலும் சின்ன `m` தான் எழுதும், ரெண்டையும் தேடிப் பாருங்க. ரெண்டாவது தடவை வந்தா எங்கேயோ கை தூக்கியாச்சு. `fill="none"` விட்டுப்போனா முகம் முழுக்கக் கறுப்பு நிரம்பிடும், ஏன்னா ஒண்ணும் சொல்லலைன்னா கறுப்பை நிரப்புறதுதான் எஸ்விஜியோட வழக்கம்.

புது ஃபைலைக் கொடுத்து, வேற பலகையில செதுக்கி வாங்கினேன். இந்தத் தடவை லேசர் முனை சேலையில இறங்கி மாராப்புல எழுந்தது. நடுவுல ஒரு இடத்துலகூடத் தூக்கலை. பக்கத்துல நின்னு பார்த்தேன்.

சின்ன அப்பத்தா

படம் சரியா இருக்கான்னு பார்க்க நான் மூணு வேலை பண்ணினேன். தலைகீழா வச்சுப் பார்த்தேன், கண்ணாடியில பார்த்தேன், தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பார்த்தேன். தலைகீழா வைக்கும்போது முகம்ங்கிறது மறந்துபோய் கோடு மட்டும் தெரியும், எங்கே முடிச்சு விழுந்திருக்குன்னு பளிச்சுன்னு காட்டும். ஆனா சாயலுக்கு இந்த மூணும் பத்தாது. அந்த ஆளைத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட, இது யாருன்னு சொல்லாம நீட்டணும்.

சின்ன அப்பத்தா, அதாவது அப்பத்தாவோட கூடப்பொறந்த தங்கச்சி, எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கா. வயசு எண்பதுக்கு மேல. ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணியிருக்கு. பலகையை மடியில வச்சேன். ஒண்ணும் சொல்லலை.

கொஞ்ச நேரம் தள்ளி வச்சுப் பார்த்தா. அப்புறம் கிட்டக் கொண்டுவந்தா.

"என்ன கண்ணு, கோலமா?"

"பாரு ஆத்தா."

பள்ளமா செதுக்கியிருக்கிறதால விரல் அதுல அழுந்தி ஓடும். சேலையில விரலை வச்சா. பிடரி வழியா ஏத்தினா. கொண்டையைச் சுத்தினா. நெத்தி, புருவம், கண்ணு. மூக்குத்திச் சுழியில விரல் கொஞ்சம் தடுமாறிச்சு. வாய். முகவாய். தாடை ஏறி காதுக்கு வந்து, மெதுவா கீழே இறங்கி, தண்டட்டியில போய் நின்னுடுச்சு.

விரலை எடுக்கலை.

"இது எங்கக்கா"ன்னா.

அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தத் தண்டட்டி இப்ப யாருகிட்ட சாமி இருக்கு?"ன்னு கேட்டா.

எனக்குத் தெரியலை. அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்னு வந்திருக்கேன்.